குழுவின் பழைய பதிவுகள்: எதை வைப்பது, எதை அழிப்பது

நண்பர்களுக்கு வணக்கம்.

குழுக் கணக்கின் 15 ஜிபி இலவச கூகுள் இடம் நிரம்பப்போகிறது. வட்ஸ்அப் காப்புப் பிரதியும் இப்போது அந்த 15 ஜிபியில்தான் சேர்கிறது. மாதாமாதம் பணம் கட்டி இடம் வாங்கலாமா என்று ஹட்டனில் கூடியபோது கேட்டீர்கள். அளந்து பார்த்தேன். ஏழு வருடப் பேச்சு, எழுத்தாக மட்டும் 6 எம்பி. படமும் வீடியோவும் 9 ஜிபி! தேயிலைக் கொழுந்து மேல் "காலை வணக்கம்" எழுதிய ஒரே படம் பதினொரு தடவை இருக்கிறது (அனுப்பியவர் பெயர் வேண்டாம்). ஆகவே பணம் கட்டத் தேவையில்லை என்பது என் கருத்து.

1. எழுத்து முழுவதையும் Export chat > Without media வழியாக எடுத்து வைப்போம். ஏற்றுமதிக்கு உச்சவரம்பு உண்டு. மிகப் பழையவை விடுபடலாம். கோப்பின் முதல் வரியில் உள்ள திகதியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

2. அதில் படங்கள் வராது. புலமைப்பரிசில் பற்றுச்சீட்டு, வங்கிச் சீட்டு, கூட்டக் குறிப்புப் படங்கள் உங்களிடம் இருந்தால் சனி இரவு 8 மணிக்குள் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

3. ஞாயிறு மாலை 7 மணிக்கு Manage storage திறந்து, பெரிய வீடியோக்களிலிருந்து அழிக்கத் தொடங்குவேன். இது குழுத் தொலைபேசியில் மட்டும்தான். உங்களுடையதை நீங்களே துப்புரவாக்க வேண்டும்.

4. எழுத்துக் கோப்பில் எல்லோருடைய சொந்த விஷயங்களும் இருக்கும். அது செயலாளரிடமும் பொருளாளரிடமும் மட்டும் இருக்கட்டுமா?

4க்கு "ஆம்" அல்லது "இல்லை" என்று வெள்ளிக்குள் பதில் போடுங்கள். கட்டைவிரல் படம் மட்டும் போட்டால் எண்ண மாட்டேன்.

– செயலாளர்