குன்னூர் அலுவலகத்து நண்பர்களுக்கு, பெருநாள் கழிந்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள மேலாளர் சார், கணக்குப் பிரிவு அக்கா, எடைக்கூடத்து அண்ணன், ஆடிட்டர் ஐயா எல்லோருக்கும் ஸலாம், வணக்கம்.

இந்த 2025 ரமலானில் நம் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் நோன்பு வைத்த எங்கள் மூவர் சார்பிலும் எழுதுகிறேன். நீங்கள் செய்ததை விவரமாகச் சொன்னால்தான் நன்றி சரியாகப் போய்ச் சேரும்.

முதலில் அந்த விருந்து. எடைக்கூடத்து அண்ணனுக்கு மார்ச் 31-இல் ஓய்வு. பிரிவு விருந்தை வழக்கம்போல் கடைசி வாரத்தில் வைத்திருந்தால், அவரோடு இத்தனை வருஷம் வேலை பார்த்த நாங்கள் இலைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருப்போம். மாலை ஆறரைக்கு நோன்பு திறக்கும்போது சேர்ந்து சாப்பிடலாம் என்றால், பஸ்ஸில் போகிறவர்கள் இருட்டில் மலைப்பாதையில் திண்டாடுவார்கள். அதனால் பிப்ரவரிக்கே கொண்டுவந்தீர்கள். 26-ஆம் தேதி என்று பேச்சு வந்தபோது, அன்று சிவராத்திரி, தானும் இன்னும் சிலரும் விரதம் என்று அக்கா சொன்னார். 28 வெள்ளி, ஜும்ஆ தொழுகை. அன்று மாலையே பிறை தெரிந்தால் மறுநாளே முதல் நோன்பு. ஆகவே 27, வியாழன். எல்லோரும் சாப்பிட்டோம். அண்ணன் என் இலையில் இரண்டாம் முறை பாயசம் ஊற்றச் சொல்லி நின்றது கண்ணிலேயே இருக்கிறது.

மார்ச் 2-இல் நோன்பு தொடங்கியது. வாராந்தரக் கூட்டம் மாலை நாலு மணியிலிருந்து காலை பத்துக்கு மாறியது. விடியற்காலை ஐந்தேகாலுக்கு முன்பே ஸஹர் சாப்பாடு முடிந்துவிடும். அதன் தெம்பு முற்பகல் வரை நிற்கும். நாலு மணிக்குத் தொண்டை வறண்டு, டீ குடித்துப் பழகிய தலை வலிக்கும், முதல் வாரத்தில் ரொம்பவே. ஒன்பதுக்கு வைக்கலாமா என்றும் பேசினீர்கள். இரவு தராவீஹ் தொழுகை முடிந்து படுத்து நாலு மணிக்கு எழுகிறவர்கள் ஃபஜ்ருக்குப் பிறகுதான் கொஞ்சம் கண் அசருவார்கள் என்று சொன்னதும் பத்து என்று முடிவாயிற்று. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வருகிறவர்களுக்கும் அதுதான் தோதாக இருந்தது.

சார், இந்த மாற்றத்தை எல்லோருக்குமான அட்டவணையாகவே ஒட்டினீர்கள். "இன்றைக்கு நோன்பா?" என்று யாரையும் கேட்கவில்லை. பெண்களுக்கு மாதத்தில் சில நாள் நோன்பு கிடையாது, சர்க்கரை மாத்திரை போடுகிறவர் சில நாள் விடவேண்டியிருக்கும். தினமும் கேட்டால் அந்த நாட்களில் பதில் சொல்லக் கூச்சமாக இருக்கும். அந்தச் சங்கடம் எங்களுக்கு ஒரு நாளும் வரவில்லை.

மதிய இடைவேளையில் நீங்கள் எப்போதும்போல் டப்பாவைத் திறந்து சாப்பிட்டீர்கள். எங்களுக்காக ஒளிந்து சாப்பிட்டிருந்தால்தான் வருத்தப்பட்டிருப்போம். அதைவிடப் பெரிய உதவி, "அவங்கதான் சாப்பிடறதில்லையே" என்று அந்த நேரத்தில் ஒரு ஃபைலைக்கூட எங்கள் மேஜைக்கு அனுப்பாதது. லுஹர் தொழுதுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருக்கும் அந்த அரை மணிதான் மாலை வரைக்கும் தாங்கும். ஒரு மணி இடைவேளையில் மீதி அரை மணியை வேலையில் போட்டு, ஐந்தரைக்குப் பதில் ஐந்துக்கே கிளம்பினோம். வேண்டுமென்றால் யாரும் அப்படிச் செய்யலாம் என்று சார் சொன்னதால் அது எங்களுக்கு மட்டும் தந்த சலுகையாகத் தோன்றவில்லை. அந்தப் பஸ்ஸைப் பிடித்ததால் கோத்தகிரியில் வீடு சேர்ந்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து நோன்புக் கஞ்சி குடித்தேன். பஸ்ஸில் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாங்கு நேரம் பார்க்கும் வேலை இல்லை. ஐந்துக்கு மேல் வந்த போன்களையெல்லாம் எடுத்த அக்கா, ஏப்ரல் 14 புத்தாண்டுக்கும் 18 புனித வெள்ளிக்கும் அலுவலகத்தில் யாராவது இருக்க வேண்டும் என்றால் அது நாங்கள்தான். ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டோம்.

கடைசியாக ஆண்டு முடிவுக் கையிருப்புக் கணக்கு. மார்ச் 31-இல் எண்ண வேண்டும். பெருநாளோ பிறையைப் பொறுத்து 31 அல்லது ஏப்ரல் 1. முந்தின நாள் மாலைதான் உறுதியாகும். ஆடிட்டர் ஐயா ஒத்துக்கொண்டு 29 சனிக்கிழமையே தூள் மூட்டை, விறகு, காலிப் பை எல்லாவற்றையும் எண்ணவைத்தார். அடுத்த இரண்டு நாள் உற்பத்தியைக் கூட்டி, வெளியே போன சரக்கைக் கழித்து, 31-க்கான கணக்கு எழுதினோம். அந்த இரண்டு நாள் லாரிச் சீட்டுகளை வரிசை எண் விடாமல் தனியே கட்டிவைத்தது எடைக்கூடத்து அண்ணன், தன் கடைசி நாள் வரைக்கும். ஒரு சீட்டு விட்டுப்போயிருந்தாலும் கணக்கு இடித்திருக்கும். 30-ஆம் தேதி மாலை பிறை தெரிந்தது. 31 பெருநாள். நான் வீட்டில் இருந்தேன்.

நோன்பு வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் வரும். 2026-இல் பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் தொடங்கி மார்ச் 20-ஐ ஒட்டி முடியும், ஒரு நாள் முன்பின் ஆகலாம். சார், புதுக் காலண்டர் வந்ததும் பென்சிலால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கையிருப்பை அடுத்த முறை 31-இலேயே எண்ணிவிடலாம்.

நன்றியுடன்,
கணக்குப் பிரிவிலிருந்து உங்கள் தங்கை