தணிக்கையாளர் விலகினார் என்ற நான்கு வரிச் செய்தி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிறுவனங்களின் தணிக்கையாளர்கள் பதவிக்காலம் முடியும் முன்பே விலகும் செய்திகள் தங்கள் வணிகப் பக்கத்தில் அடிக்கடி வருகின்றன. ‘பிற பணிகள் காரணமாக விலகினார், புதியவர் நியமிக்கப்பட்டார்’ என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. தணிக்கைத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தப் ‘பிற பணிகளை’ நான் அவ்வளவாக நம்புவதில்லை.

2013 கம்பெனிகள் சட்டப்படி, பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் தணிக்கையாளரின் ஒரு பதவிக்காலம் 5 ஆண்டுகள். இடையில் அவரை நீக்க வேண்டுமென்றால் இயக்குநர் குழுவின் தீர்மானம் மட்டும் போதாது. மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். அதன் பிறகு பங்குதாரர் கூட்டத்தில் எதிர்ப்பு வாக்குகளைப் போல் மூன்று மடங்கு ஆதரவு வாக்குகள் வேண்டும். தணிக்கையாளர் தன் தரப்பைச் சொல்லவும் வாய்ப்பளிக்க வேண்டும். தணிக்கையாளர் பயமின்றிக் கேள்வி கேட்கட்டும் என்றுதான் இத்தனை காவல்.

ஆனால் இந்த வழியில் போக எந்த நிர்வாகம் மெனக்கெடும்? கிடங்கு இருப்புப் பட்டியலைக் கேட்டால் ‘அடுத்த வாரம்’ என்பார்கள். வாடிக்கையாளரிடம் பாக்கியை உறுதிசெய்யும் கடிதம் அனுப்பச் சொன்னால் முகவரி வராது. கணக்கை ஏற்கும் கூட்டத்துக்கு நாள் மட்டும் குறித்துவிடுவார்கள். கையெழுத்திட்டாலும் ஆபத்து, மறுத்தாலும் சண்டை என்ற நிலையில் தணிக்கையாளரே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுகிறார். நீக்கத்துக்கு இருக்கும் பூட்டு ராஜினாமாவுக்கு இல்லை.

2018 மே மாதம் வடோதராவின் மன்பசந்த் பெவரேஜஸ் நிறுவனத்தில் இருந்து அதன் தணிக்கை நிறுவனமான டெலாய்ட் விலகியது நினைவிருக்கலாம். ஆண்டுக் கணக்கை ஏற்க இயக்குநர்கள் கூடுவதற்குச் சில நாட்களே இருந்தன. கேட்ட முக்கியத் தகவல்களை நிறுவனம் தரவில்லை என்பது டெலாய்ட் சொன்ன காரணம். பங்கு விலை சரிந்து, விற்கக்கூட ஆள் கிடைக்காமல் சிறு முதலீட்டாளர்கள் தவித்தார்கள். காரணத்தை வெளிப்படையாகச் சொன்னதற்கு டெலாய்ட்டைப் பாராட்டலாம். ஆனால் அந்த ஆண்டின் கணக்கைப் பற்றி அவர்களுடைய அறிக்கை வரவே இல்லையே!

அந்த ஓட்டையைத்தான் 2019 அக்டோபரில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி அடைக்கப் பார்த்தது. காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் விலகுபவர் அந்தக் காலாண்டின் அறிக்கையைத் தந்துவிட்டே போக வேண்டும். அதற்குப் பிறகு விலகினால் அடுத்த காலாண்டுக்கும் தர வேண்டும். முதல் மூன்று காலாண்டுகளுக்குக் கையெழுத்திட்டவர் ஆண்டறிக்கையையும் முடித்தே ஆக வேண்டும். தகவல் கிடைக்காவிட்டால், ‘கருத்துச் சொல்ல இயலவில்லை’ என்றே அறிக்கையில் எழுதலாம். நிர்வாகம் ஒத்துழைக்கவில்லை என்றால் இயக்குநர் குழுவின் துணைக்குழுவான தணிக்கைக் குழுவின் தலைவரை உடனே நேரடியாக அணுக வேண்டும், குழுவின் அடுத்த கூட்டம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இவ்வளவும் நல்ல விதிகள். சிக்கல் தணிக்கைக் குழுவில் இருக்கிறது. அதில் குறைந்தது மூன்றில் இரு பங்கினர் நிர்வாகத்தைச் சாராத சுயேச்சை இயக்குநர்கள், தலைவரும் அவர்களில் ஒருவர். தணிக்கையாளர் நியமனத்தையும் கட்டணத்தையும் பரிந்துரைப்பது அவர்கள் வேலை. தணிக்கையாளர் விலகினால் அதைப் பற்றிய அவர்கள் கருத்தை நிறுவனம் பங்குச் சந்தை வழியாக வெளியிட வேண்டும். அந்தக் கருத்துகளைப் படித்துப் பாருங்கள்: ‘தணிக்கையாளரின் கடிதத்தைக் குழு கவனத்தில் கொண்டது. அவரது பங்களிப்புக்கு நன்றி தெரிவித்தது.’ எந்த ஆவணம் மறுக்கப்பட்டது, யார் மறுத்தார், குழு தணிக்கையாளரை அழைத்துப் பேசியதா என்று ஒரு வார்த்தை இருக்காது. சுயேச்சை இயக்குநர்கள் நியமனத்தில் முதலாளி குடும்பத்தின் கை இருக்கும்வரை இதற்கு மேல் எதிர்பார்ப்பதும் கடினம்தான்.

விலகும் தணிக்கையாளரிடம் கேள்விகள் அடங்கிய படிவத்துக்குப் பதில் வாங்கும்படி நிறுவனத்தைச் செபி கட்டாயப்படுத்துகிறது. அதுபோல், மேற்சொன்ன மூன்று கேள்விகளுக்கும் குழு பதில் எழுதித் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும். ராஜினாமா செய்துவிட்டதாலேயே தணிக்கையாளர் மோசடி விசாரணையில் இருந்து தப்ப முடியாது என்று உள்கட்டமைப்பு நிதி நிறுவனமான ஐஎல் அண்டு எஃப்எஸ் தொடர்பான வழக்கில் 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குழு மட்டும் ஏன் நன்றி சொல்லிவிட்டு நகர வேண்டும்?

பங்குதாரர்களுக்கும் ஒரு பிடி இருக்கிறது. ராஜினாமாவால் காலியான இடத்தை இயக்குநர்கள் நிரப்பினாலும், மூன்று மாதத்துக்குள் பங்குதாரர்களின் ஒப்புதலைப் பெற வேண்டும். வாக்கெடுப்பு அறிவிப்போடு வரும் விளக்கக் குறிப்பில் புதியவரின் கட்டணமும், பழைய கட்டணத்தில் இருந்து பெரிதாக மாறியிருந்தால் அதற்கான காரணமும் இருக்க வேண்டும். பெரிய நிறுவனம் விலகிய இடத்துக்கு, பாதிக் கட்டணத்தில் பெயர் கேள்விப்படாத ஒருவர் வந்தால் எதிர்த்து வாக்களியுங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தணிக்கைக் குழுத் தலைவர் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. கேள்வியை நிர்வாக இயக்குநரிடம் கேட்காமல் அவரிடமே கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பட்டயக் கணக்காளர்,
கும்பகோணம்