40 நம்பர், 90 நாள்

கொழிஞ்சாம்பாறை
ஜூன் 17

கண்ணு,

மேட்ரிமோனி தளத்தில் 90 நாள், 40 போன் நம்பர் என்கிற திட்டத்தை 20-ஆம் தேதி எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். எடுக்காதே. ஆவணி பிறக்கட்டும். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

அந்த 90 நாள், நீ தளத்துக்குள் போகிற நாளை மட்டும் எண்ணுவதில்லை. பணம் ஏறி, திட்டம் உன் ஐடியில் செயலுக்கு வந்த நேரத்திலிருந்து ஞாயிறு, பண்டிகை, உடம்புக்கு முடியாத நாள் எல்லாம் சேர்ந்தே ஓடும். புரொஃபைலை மறைத்து வைத்தாலும் அது நிற்காது. 20-ஆம் தேதியை முதல் நாளாக வைத்து எண்ணிப் பார். ஜூனில் 11, ஜூலையில் 31, ஆகஸ்டில் 31, ஆக 73. மீதி 17 நாள் செப்டம்பரில். செப்டம்பர் 17 இரவோடு சரி. இதற்கு நடுவில் ஜூலை பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை ஆடி. இங்கே மலையாளத்துக்காரர்களுக்கும் அதே மாதம் கர்க்கிடகம். ஜாதகம் கொடுங்கள் என்று கேட்டால், "ஆடி போகட்டும்" என்பதுதான் இரண்டு பக்கத்திலும் பதில். 90-இல் மூன்றில் ஒரு பங்கு அப்படியே போய்விடும். ஆகஸ்ட் 17-இல் கட்டினால் நவம்பர் 14 வரை வரும். ஓணத்தை ஒட்டி நாலைந்து நாள் இந்தப் பக்கத்து வீடுகளில் போன் எடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

"90 நாள்" என்பதும் "3 மாதம்" என்பதும் ஒன்றல்ல. மாதக் கணக்கென்றால் தேதிக்குத் தேதி, ஆகஸ்ட் 17-க்கு நவம்பர் 16 அல்லது 17 வரை போகும். சில தளங்கள் கட்டிய நாளையும் ஒரு நாளாக எண்ணும், சில மறுநாளிலிருந்து எண்ணும். அதனால் பணம் கட்டியதும் உன் கணக்குப் பக்கத்தில் முடிகிற தேதி என்ன காட்டுகிறது என்று பார்த்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. நமக்கு அதுதான் கணக்கு, விளம்பரத்தில் இருப்பது அல்ல. காலையில் கட்டு. உனக்கு துபாயில் இரவு 10.30 ஆகும்போது இங்கே 12. இந்தியத் தளம் பெரும்பாலும் இந்திய நேரத்தைத்தான் பார்க்கும். ராத்திரி பத்து மணிக்குக் கட்டினால், முதல் நாளை எண்ணுகிற தளத்தில் அரை மணி நேரத்துக்கு ஒரு நாள் போச்சு.

இனி அந்த 40 நம்பர். நாளும் நம்பரும் ஒன்றையொன்று பார்த்து நிற்காது, எது முதலில் தீர்கிறதோ அத்தோடு முடிந்தது. பத்து நாளில் 40-ஐயும் திறந்துவிட்டால் மீதி 80 நாளும் பெயருக்குத்தான் இருக்கும். 90-ஆம் நாள் 15 நம்பர் மிச்சமிருந்தால் அதுவும் காலாவதி. முடிவதற்கு முன்பே புதுப்பித்தால் மிச்சத்தைச் சேர்த்துக் கொடுக்கிற தளங்கள் உண்டு. ஒரு நாள் தாண்டிவிட்டால் பெரும்பாலும் கிடைக்காது. ஒரு நாளில் இத்தனைதான் பார்க்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிற இடமும் உண்டு, ஆகவே கடைசி நாளில் மொத்தமாகத் திறந்து கொள்ளலாம் என்று விட்டு வைக்காதே.

நம்பர் எண்ணிக்கை குறைவது பேசும்போது அல்ல, பொத்தானை அமுக்கும்போது. போன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் 40 என்பது 39 ஆகிவிடும். அதே பெண்ணின் நம்பரை மறுபடி பார்த்தால் பொதுவாகத் திரும்பக் குறைக்க மாட்டார்கள். ஆனால் திட்டம் முடிந்தபின் பார்த்த நம்பரும் பூட்டிக்கொள்ளலாம். திறந்த அன்றே ஐடி, நம்பர், போன் எடுப்பவர் அப்பாவா அண்ணனா, எப்போது கூப்பிடச் சொல்லியிருக்கிறது, எல்லாவற்றையும் நோட்டில் எழுது. நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்தால் அன்றைக்கே தளத்தில் புகார் போடு. சரிபார்த்து அந்த எண்ணிக்கையைத் திருப்பித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் கேட்டால்தான்.

13 வாரத்துக்கு 40 என்றால் வாரம் மூன்று. அந்த மூன்றை யாருக்குச் செலவழிப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது. விருப்பம் தெரிவிப்பது பெரும்பாலும் இலவசம். அதை முதலில் அனுப்பி, அந்தப் பக்கம் சம்மதம் வந்த பிறகு நம்பரைத் திற. தளத்துக்குக் கடைசியாக எப்போது வந்தார் என்று போட்டிருக்கும். இரண்டு மாதமாக வராதவர் வீட்டில் அநேகமாக நிச்சயமே ஆகியிருக்கும், அங்கே ஒன்றைக் கரைக்காதே. நட்சத்திரமும் இலவசமாகவே தெரியும். உனக்கு சித்திரை. மிருகசீரிடமும் அவிட்டமும் அதே சிரசு ரஜ்ஜு, இரண்டு பேருக்கும் ஒரே ரஜ்ஜு என்றால் பொருந்தாது என்பார்கள். நீ ரஜ்ஜு பார்க்க மாட்டாய், எனக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டில் ஜோசியர் முதலில் அதைத்தான் பார்ப்பார். நம்பரைத் திறந்து, அரை மணி நேரம் பேசி, அப்புறம் "பொருத்தம் இல்லீங்க" என்று கேட்பதற்குப் பதில் முதலிலேயே தாண்டிப் போய்விடலாம்.

மெசேஜ் கணக்கு தனி. சில திட்டத்தில் புதிதாக ஒருவருக்கு அனுப்பும் முதல் மெசேஜ் மட்டும் ஒன்று குறையும், அவரோடு அப்புறம் எத்தனை பேசினாலும் குறையாது. சிலவற்றில் ஒவ்வொரு மெசேஜுக்கும் குறையும். "ஹலோ", "எப்படி இருக்கீங்க" என்று தனித்தனியாகத் தட்டுகிற உன் பழக்கத்துக்கு இரண்டாவது வகை ஆகாது. அந்தப் பெண் பணம் கட்டாத உறுப்பினர் என்றால் சம்மதம், மறுப்பு என்ற பொத்தானைத் தவிர அவளால் எதையும் எழுத முடியாத தளமும் உண்டு. பதில் வரவில்லை என்பதற்காக வேண்டாம் என்று அர்த்தமில்லை. அந்த மாதிரி ஆட்களுக்குத்தான் நம்பரை வைத்துக்கொள்.

இந்த இரண்டு மாதத்தில் செய்ய வேண்டியது, கட்டணம் இல்லாமலே புரொஃபைலை முடித்து வைப்பது. போட்டோவும் எழுத்தும் அவர்கள் சரிபார்த்த பிறகுதான் வெளியே தெரியும், மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் காத்திருக்க வேண்டும். அதைப் பணம் கட்டிய பின் செய்தால் 90-இலிருந்துதான் கழியும். சொந்த ஊர் கேரளம் என்று மட்டும் போட்டால் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் "தமிழ்நாடு" என்று வடிகட்டித் தேடுகிறவர்கள் கண்ணில் நீ படவே மாட்டாய். தாய்மொழி தமிழ் என்று போட்டு, பொள்ளாச்சியிலிருந்து எவ்வளவு தூரம் என்று உன்னைப் பற்றிய பத்தியிலேயே எழுது. தமிழ்ப் பக்கத்தில் ஒரு ஐடி, மலையாளப் பக்கத்தில் ஒரு ஐடி என்று இரண்டு வைத்திருந்தால் ஒன்றுக்குக் கட்டிய திட்டம் மற்றதற்குப் பொதுவாகச் செல்லாது. தமிழ்ப் பக்கத்து ஐடிக்கே கட்டு.

இடையில் தளத்திலிருந்து போன் செய்து "சார், இன்னைக்கு மட்டும் பாதி விலை" என்பார்கள். எத்தனை நம்பர், எத்தனை நாள், எந்தத் தேதியிலிருந்து, தானாகப் புதுப்பிக்குமா என்ற நாலையும் மெயிலில் அனுப்பச் சொல். அனுப்பினால் எனக்கும் அனுப்பி வை, பார்த்துச் சொல்கிறேன்.

அம்மா