கண்ணைச் சான்றாகக் காட்டிப் பேசும் சொற்பொழிவாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

"இந்தக் கண்ணைப் பாருங்கள், இதைத் திட்டமிட்டுச் செய்தவன் ஒருவன் இல்லாமல் இருக்க முடியுமா?" என்று பேசிவரும் பெரியவர்களுக்கு வணக்கம்.

நான் உயிரியல் ஆசிரியை. கடவுள் நம்பிக்கை உள்ளவள். உங்கள் நம்பிக்கையோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் உங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு வகுப்புக்கு வரும் பிள்ளைகள் வருடா வருடம் அதே கேள்வியைக் கொண்டுவருகிறார்கள்: "அரைக் கண்ணால் என்ன பயன், டீச்சர்? கண் முழுசாக இருந்தால்தானே பார்க்க முடியும்?" நல்ல கேள்விதான். பதில் இல்லாத கேள்வி என்று நினைத்துக்கொண்டு அவர்கள் கேட்பதுதான் எனக்கு வருத்தம். அந்த எண்ணம் உங்கள் பேச்சிலிருந்து வருகிறது என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

முதலில், உங்கள் வாதம் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. 1802-இல் வில்லியம் பேலி என்ற ஆங்கிலேயப் பாதிரியார் அதை மிகத் தெளிவாக எழுதிவைத்தார். பொட்டல்வெளியில் நடக்கும்போது காலில் ஒரு கல் இடறினால், அது எப்போதும் அங்கேதான் கிடந்தது என்று சொல்லிவிட்டுப் போகலாம். கிடப்பது கடிகாரமாக இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. அதன் பற்சக்கரங்களும் சுருள்வில்லும் நேரம் காட்டுவது என்ற ஒரே வேலைக்காகப் பொருந்தியிருக்கின்றன. கண்ணும் அப்படித்தான், தொலைநோக்கி பார்வைக்கு உதவச் செய்யப்பட்டதுபோல கண் பார்வைக்காகவே செய்யப்பட்டது என்றார் அவர். கவனியுங்கள், "சிக்கலாக இருக்கிறது, அதனால் ஒருவர் செய்திருக்க வேண்டும்" என்று மட்டும் அவர் சொல்லவில்லை. பாகங்கள் ஒரு நோக்கத்துக்காகப் பொருந்தியிருக்கின்றன என்பதுதான் அவர் வாதத்தின் உயிர். அதற்கு முன்பே டேவிட் ஹியூம் என்ற தத்துவவாதி இந்த ஒப்புமையில் உள்ள ஓட்டைகளைச் சுட்டிக்காட்டியிருந்தார். ஆனால் அந்தப் பொருத்தம் வேறு எப்படி வந்திருக்கும் என்பதற்கு அவரிடமும் உறுதியான விளக்கம் இல்லை. கல்லூரியில் பேலியைப் படித்த இளம் டார்வினே அந்த வாதத்தில் மயங்கிப்போனவர்தான். அன்றைக்குக் கைவசம் இருந்த விளக்கங்களில் பேலியுடையதே சிறந்தது என்று நானும் நினைக்கிறேன்.

இங்கே ஒரு சிறு விலகல். உங்களில் பலர் பேலியின் கடிகாரத்தையும் நம் குயவனையும் ஒரே மூச்சில் சொல்கிறீர்கள். இரண்டும் ஒன்றல்ல. மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று சைவ சித்தாந்தம் விரிக்கும் வாதம், தோன்றி ஒடுங்கும் உலகம் முழுவதற்கும் ஒரு கர்த்தா வேண்டும் என்பது. மீனின் செதிலும் பறவையின் இறகும் எப்படி வந்தன என்ற விவரத்துக்குள் அது போவதே இல்லை. அதனால் டார்வின் எழுதியது எதுவும் அதைத் தொடுவதில்லை. அந்த வாதம் நிற்குமா விழுமா என்பது தத்துவக்காரர்களின் தனிப் பேச்சு. கடிகார வாதம் உயிர்களுக்குள் தெரியும் நோக்கத்தையே சான்றாக வைக்கிறது. இயற்கைத் தேர்வு கைவைப்பது அந்த இடத்தில்தான்.

சரி, கண்ணுக்கு வருகிறேன். "தற்செயலாகக் கண் உருவானதாம்!" என்று நீங்கள் சொல்லும்போது கூட்டம் சிரிக்கிறது. ஆனால் அப்படி யாரும் சொல்லவில்லை. குட்டிகள் ஒன்றுக்கொன்று சற்று மாறிப் பிறக்கின்றன. மாற்றத்தில் ஒரு பகுதி அடுத்த தலைமுறைக்குப் போகிறது. சில மாற்றங்கள் உள்ளவை அதிகம் பிழைத்து, அதிகம் பெருகுகின்றன. இதைத்தான் இயற்கைத் தேர்வு என்கிறோம். மாற்றம் வருவதில்தான் தற்செயல் இருக்கிறது. அதிலும் தற்செயல் என்றால் காரணமே இல்லை என்று பொருள் இல்லை, அந்த உயிரின் தேவையைப் பார்த்து மாற்றம் வருவதில்லை என்றுதான் பொருள். வந்த மாற்றங்களில் எது தங்கும் என்பது தற்செயல் இல்லை. கொஞ்சம் நன்றாகப் பார்க்கிறவை தங்கும்.

இப்போது அரைக் கண். தோலில் ஒளியை உணரும் செல்கள் தட்டையாகப் பரவியிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் தெரியும். மேலே ஏதோ நிழல் விழுந்தால் ஒளிந்துகொள்ள அதுவே போதும். அந்தப் பரப்பு சற்றே குழிந்தால், ஒரு பக்கமிருந்து வரும் ஒளி குழியின் ஒரு பாதியில் விழும், மறுபாதி நிழலில் இருக்கும். இப்போது ஒளி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் தெரிந்துவிடுகிறது. பிளனேரியா என்ற தட்டைப்புழுவிடம் இன்றும் இருப்பது இப்படிப்பட்ட கிண்ணக் கண்தான். குழி இன்னும் ஆழமாகி, வாய் குறுகினால் ஊசித்துளைக் கேமராபோல உருவம் விழத் தொடங்கும். நாட்டிலஸ் என்ற கடல் உயிரின் கண் அந்த நிலையில் இருக்கிறது. அதில் லென்ஸ் கிடையாது. துளை திறந்தே இருப்பதால் கடல்நீர் உள்ளே போய்வருகிறது.

ஊசித்துளையில் ஒரு நெருக்கடி உண்டு. துளை சிறுத்தால் உருவம் தெளியும், ஆனால் இருட்டாகும். துளை பெருத்தால் வெளிச்சம் வரும், உருவம் மங்கும். இந்த நெருக்கடியைத் தீர்ப்பது லென்ஸ். அதுவும் ஒரே நாளில் வந்திருக்க வேண்டியதில்லை. குழியை மூடிப் பாதுகாக்கும் தெளிவான கூழில் புரதம் நடுப்பகுதியில் சற்று அடர்ந்தாலே ஒளி கொஞ்சம் குவியும். இன்னும் கொஞ்சம் அடர்ந்தால் இன்னும் கொஞ்சம் குவியும். இந்தப் புரதம் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது கிடைத்த விடை எனக்கு இன்றும் வியப்பு தருகிறது. வாத்தின் கண் லென்ஸில் உள்ள ஒரு முக்கியப் புரதம், உடலின் மற்றச் செல்களில் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியாக வேலை செய்யும் அதே புரதம். லென்ஸுக்கென்று புதிதாக எதுவும் வரவில்லை. வேறு வேலையில் இருந்தது இங்கேயும் எடுபட்டது.

இந்த வரிசையில் எந்த இடத்திலும் பாதி செய்து போட்ட கண் என்று ஒன்று இல்லை. பிளனேரியாவின் கண் நம் கண்ணில் அரைவாசி அல்ல, வெளிச்சத்தைவிட்டு விலகிப்போக வேண்டிய ஒரு புழுவுக்கு அது முழுக் கண்.

இதற்கெல்லாம் காலம் போதுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 1994-இல் டான் நில்சன், சூசன் பெல்ஜர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டார்கள். தட்டையான ஒளி உணர் பரப்பிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படியிலும் ஏதோ ஓர் அளவு 1 விழுக்காடு மட்டுமே மாறலாம், அந்த மாற்றம் பார்வையைக் கூர்மையாக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். மீனுக்கு இருப்பதுபோன்ற லென்ஸ் கண்ணை எட்ட 1,829 படிகள் தேவைப்பட்டன. தேர்வு மிகப் பலவீனமாகத்தான் நடக்கும் என்று வேண்டுமென்றே வைத்துக்கொண்டும், சுமார் 3,64,000 தலைமுறைகளுக்குள் முடிந்துவிட்டது. ஆண்டுக்கு ஒரு தலைமுறை காணும் சிறு கடல் உயிர்களுக்கு அது 4 லட்சம் ஆண்டுகூட இல்லை. விலங்குகளின் வரலாறோ 50 கோடி ஆண்டுகளுக்கு மேல்.

இந்தக் கணக்கின் எல்லையையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறேன், உங்களிடமும் சொல்ல வேண்டும். ஒளி உணரும் செல் எப்படி வந்தது என்று அது விளக்கவில்லை, ஏற்கெனவே இருந்ததாக எடுத்துக்கொள்கிறது. கண்ணின் வடிவத்தைத்தான் கணக்கிட்டார்கள், அதற்குப் பின்னால் உள்ள நரம்பையும் மூளையையும் அல்ல. மரபணுக்களைக் கணினியில் ஓட்டிப் பார்த்ததாகச் சிலர் எழுதுவதும் தவறு. வடிவத்தில் ஏறிப்போக ஒரு பாதை இருக்கிறது, அதில் எங்கும் தாவவோ இறங்கவோ வேண்டியதில்லை என்பதை மட்டும் அது காட்டியது. அரைக் கண் கேள்விக்கு அதுவே போதும்.

இன்னொன்றும் உங்களிடம் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். கண் இயற்கைத் தேர்வால் உருவானது என்பது அபத்தமாகத் தோன்றுகிறது என்று டார்வினே எழுதியிருக்கிறார் என்கிறீர்கள். 1859-இல் வெளிவந்த அவர் நூலில் அந்த வரி இருக்கிறது, உண்மைதான். ஆனால் எளிய கண்ணிலிருந்து சிக்கலான கண் வரை படிப்படியான நிலைகள் இருந்து, ஒவ்வொன்றும் அதைக் கொண்ட உயிருக்குப் பயன்பட்டிருந்தால் அந்தத் தடை உண்மையானது அல்ல என்று உடனே தொடர்கிறார். பிறகு அந்த நிலைகளைத் தேடிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். முதல் வரியோடு நிறுத்திவிடுவது நியாயமில்லை.

"அப்படியானால் அந்த மாற்றங்களை அனுப்பியவர் கடவுள்தான்" என்று உங்களில் சிலர் பதில் சொல்வதுண்டு. டார்வினின் நண்பரும் தாவரவியலாளருமான ஏசா கிரே அன்றைக்கே இதைச் சொன்னார். டார்வின் ஓர் உவமையால் பதில் தந்தார். மலைச்சரிவிலிருந்து உருண்டு விழுந்த கற்களில் பொருத்தமானவற்றைப் பொறுக்கி ஒருவர் வீடு கட்டுகிறார். ஒவ்வொரு கல்லும் அந்த வடிவில் உடைந்ததற்குக் காரணம் உண்டு. ஆனால் இந்த வீட்டுக்காகவே அப்படி உடைந்தது என்று சொல்ல முடியுமா? கிரேயின் எண்ணத்தை ஒருவர் நம்பலாம், நானும் சில நாட்கள் அந்தப் பக்கம் சாய்கிறேன். ஆனால் அது நம்பிக்கையிலிருந்து கண்ணைப் பார்ப்பது. நீங்கள் மேடையில் செய்வது கண்ணிலிருந்து கடவுளுக்குப் போவது. அந்தப் பொருத்தம் வேறு வழியாகவும் வந்திருக்கலாம் என்று ஆனபின் அந்தப் பாதை மூடிக்கொள்கிறது. இயற்கைத் தேர்வு கடவுள் இல்லை என்று நிறுவவில்லை. கண்ணைச் சாட்சிக் கூண்டிலிருந்து இறக்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

எதிர்த்தரப்பு மேடையிலும் இதே பிழை நடக்கிறது. நம் விழித்திரையில் நரம்பிழைகள் ஒளி உணர் செல்களுக்கு முன்னால் ஓடி, ஒரே இடத்தில் துளைத்து வெளியேறுகின்றன. அங்கே குருட்டுப் புள்ளி. ஆக்டோபஸுக்கு அது இல்லை. "இவ்வளவு மோசமாகவா கடவுள் செய்வார்?" என்று அவர்கள் கேட்கிறார்கள். கடவுள் எப்படிச் செய்வார் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? இந்தத் தலைகீழ் அமைப்பால் ஒளி உணர் செல்கள் பின்னால் உள்ள ரத்த ஓட்டத்தை ஒட்டியிருக்கின்றன. விழித்திரையில் உள்ள முல்லர் செல்கள் என்ற துணைச் செல்கள் ஒளியை நரம்புகளுக்கு ஊடாக உள்ளே கடத்துகின்றன. மோசம் என்று சொல்வது அவ்வளவு எளிதல்ல. எனக்கு வலுவாகப் படுவது வேறு சான்று. மெக்சிகோவின் இருண்ட குகைகளில் வாழும் ஒரு மீன் இனத்தில், கருவில் கண் உருவாகத் தொடங்குகிறது, லென்ஸும் வருகிறது, பிறகு அது சிதைந்து தோலுக்கடியில் மறைகிறது. அதே இனத்தின் ஆற்று மீன்களுக்கோ நல்ல கண் இருக்கிறது. குகை மீனின் கண்ணைப் பார்வைக்காக என்று சொல்ல முடியாது. மூதாதைகள் வெளிச்சத்தில் வாழ்ந்தவை என்று வைத்தால் உடனே புரிகிறது.

உங்களிடம் நான் கேட்பது இரண்டே. டார்வினின் அந்த வரியைச் சொன்னால் அடுத்த வரிகளையும் சொல்லுங்கள். அரைக் கண் கேள்வியைக் கேட்டால் பிளனேரியாவையும் நாட்டிலஸையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கள் ஆய்வகத்தில் சாதாரண நுண்ணோக்கி ஒன்று இருக்கிறது. பிளனேரியாவின் தலையில் மாறுகண் போட்டதுபோல இரண்டு கரும்புள்ளிகள் தெரியும். ஒரு பக்கம் விளக்கைக் காட்டினால் எதிர்ப்பக்கம் நகர்ந்துபோகும். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
ஓர் உயிரியல் ஆசிரியை