‘இல்லை’ என்று சொல்லும் முன்: நூலகப் பட்டியலின் தேடலை உருவாக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் ஊர்ப் பொது நூலகத்தின் இணையப் பட்டியலுக்குப் புதிய தேடல் பகுதியை உருவாக்கி, அதன் முன்னோட்டப் பதிப்பை உறுப்பினர்களின் பார்வைக்கு வைத்திருக்கிறீர்கள். மென்பொருள் சோதனை என் தொழில். அந்த நூலகத்தில் நான் நெடுநாள் உறுப்பினன். இரண்டு மாலைகள் அமர்ந்து தேடிப் பார்த்ததில் தெரிந்தவற்றை, வெளியீட்டுக்கு முன் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் எங்கள் தெருவில் வசிக்கும் ஓர் அம்மா, வீட்டுக் கொல்லையில் பத்து நாட்டுக்கோழி வளர்க்கலாம் என்று எண்ணி, நூலகத்துக் கணினியில் ‘கோழி வளர்ப்பு’ என்று தட்டச்சு செய்தார். ‘தாங்கள் தேடிய நூல் எங்களிடம் இல்லை’ என்று பழைய பட்டியல் பதில் சொன்னது. அவர் திரும்பிவிட்டார். மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது வேளாண்மை அடுக்கில் அதே தலைப்பில் ஒரு நூல் இருந்தது. பட்டியலில் அதற்குப் பதிவும் இருந்தது. பதிவின் எண்ணைக் கொடுத்தால் ‘கோழி வளர்ப்பு’ என்ற தலைப்பு திரையில் தெளிவாக வருகிறது. அந்தத் தலைப்பை அப்படியே பார்த்துத் தட்டச்சு செய்தால் ஒன்றும் வருவதில்லை. உங்கள் புதிய பதிப்பில் கோழி பற்றிய வேறு நூல்கள் வந்தாலும், இந்த நூல் மட்டும் வருவதில்லை.

காரணம் ‘கோ’ என்ற எழுத்தில் இருக்கிறது. யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறுவேறு.

```python
import unicodedata
a = "க\u0bcbழி"
b = "க\u0bc7\u0bbeழி"
print(a == b)
print(unicodedata.normalize("NFC", b) == a)
```

முதல் வரி `False` என்றும், அடுத்தது `True` என்றும் அச்சிடும். பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, அதாவது முதலில் கொம்பு, பிறகு எழுத்து, பிறகு கால் என்று சேமித்தார்கள். அந்தப் பதிவுகளை யூனிகோடுக்கு மாற்றிய நிரல் கொம்பை எழுத்துக்குப் பின்னால் நகர்த்திவிட்டு, அதைக் காலோடு சேர்க்காமல் விட்டிருந்தால் இப்படித்தான் ஆகும். ஒகரத்துக்கும் இதே நிலைதான். ஆகவே, பட்டியலில் ஏற்றும்போதும் வாசகர் தேடும்போதும், இரு பக்கமும், பிரிந்த குறிகளை ஒன்றுசேர்க்கும் `NFC` வடிவத்துக்கு மாற்றியாக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் குறை இடம் மாறுமே தவிரத் தீராது. எனவே சோதனையில் நான்கு சேர்க்கைகளையும் பாருங்கள்: சேர்ந்த வடிவில் உள்ள பதிவைச் சேர்ந்த வடிவிலும் பிரிந்த வடிவிலும் தேடுவது, பிரிந்த வடிவில் உள்ள பதிவையும் அப்படியே இரு வடிவிலும் தேடுவது. நான்கும் ஒரே எண்ணிக்கையைத் தர வேண்டும்.

`NFC` தீர்க்காத ஒன்றும் உண்டு. ‘பௌத்தம்’ என்பதைப் பலர் கொம்பும் ளகரமுமாகப் ‘பெளத்தம்’ என்று தட்டச்சு செய்கிறார்கள். உங்கள் பதிவுகளிலேயே இரண்டு வகையும் இருக்கின்றன. இதை நீங்கள்தான் ஒரு விதி எழுதிச் சரிசெய்ய வேண்டும். அந்த விதி ‘தெளிவு’, ‘வெள்ளம்’ ஆகிய சொற்களைத் தொடவே கூடாது. ஆகையால் மாற வேண்டிய சொற்களுக்கு எத்தனை சோதனைகள் எழுதுகிறீர்களோ, மாறக்கூடாத சொற்களுக்கும் அத்தனை எழுதுங்கள். ‘ஸ்ரீ’ என்பதையும் இரண்டு வகையாகக் குறியிடலாம். அவற்றையும் `NFC` ஒன்றாக்காது.

அடுத்தது எழுத்துப்பிழை. முன்னோட்டப் பதிப்பில் ‘கோளி வளர்ப்பு’ என்று தேடினாலும் கோழி நூல்கள் வருகின்றன. இது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தந்தது. ஆனால் ‘கோழி’ என்று சரியாகவே எழுதித் தேடியபோது, மூன்றாவது இடத்தில் ‘தோழி’ என்ற சொல்லைத் தலைப்பில் கொண்ட ஒரு நாவலும், ஐந்தாவது இடத்தில் ‘கோடி’ என்ற சொல்லைக் கொண்ட ஒரு வணிக நூலும் வந்தன. உங்கள் தேடல் எலாஸ்டிக்சர்ச்சில் இயங்குவதாக அறிவிப்பில் குறிப்பிட்டிருந்தீர்கள். அதில் `fuzziness` அமைப்பை `AUTO` என்று விட்டால், மூன்று முதல் ஐந்து குறியீடு நீளமுள்ள சொல்லில் ஒரு மாற்றத்தையும், அதைவிட நீண்ட சொல்லில் இரண்டு மாற்றங்களையும் அது அனுமதிக்கும். நாம் இரண்டெழுத்து என்று சொல்லும் ‘கோழி’, அதன் கணக்கில் க, ஓகாரக் குறி, ழ, இகரக் குறி என்று நான்கு. எனவே ஒரு மாற்றம் செல்லும். ககரத்தைத் தகரமாக்கினால் தோழி, ழகரத்தை டகரமாக்கினால் கோடி, லகரமாக்கினால் கோலி. சிறு சொல்லில் இப்படி எந்த எழுத்தையும் எந்த எழுத்தாகவும் மாற்றவிடுவது தமிழுக்குப் பொருந்தாது.

தமிழில் பிழைகள் விழும் இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவையே. ல, ள, ழ ஆகியவை தம்முள் மாறும். ர, ற மாறும். ந, ன, ண மாறும். குறில் நெடில் மாறும். அந்த இணைகளுக்குள் மட்டும் மாற்றத்தை அனுமதித்தால் தோழியும் கோடியும் தாமாகவே விலகிவிடும். கோலி மட்டும் எஞ்சும், ஏனெனில் அது பிழையாகவும் இருக்கலாம், உண்மையான சொல்லாகவும் இருக்கலாம். அதற்கு நான் கேட்பது ஒரே விதி: எழுதியபடியே பொருந்தும் நூல் ஒன்றாவது இருக்குமானால், பிழைதிருத்திப் பொருத்திய எந்த நூலும் அதற்கு மேலே வரக்கூடாது. ‘கோலி’ என்று தேடுபவருக்குக் கோலி விளையாட்டைப் பற்றிய நூல் முதலில் வரட்டும். ‘கோழி என்று தேடினீர்களா?’ என்ற கேள்வி அதற்குக் கீழே நிற்கட்டும்.

பிழையே இல்லாமலும் சொற்கள் பொருந்தாமல் போவதுண்டு. ‘கோழிப் பண்ணை’, ‘கோழி பண்ணை’, ‘கோழிப்பண்ணை’ என மூன்று விதமாகவும் நூல்களின் அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். இடைவெளியை வைத்துச் சொல் பிரிக்கும் தேடலுக்கு, ஒற்று மிகுந்த ‘கோழிப்’ என்பது ‘கோழி’ ஆகாது. முன்னோட்டப் பதிப்பில் இந்த மூன்றையும் தேடினேன். முறையே ஒன்பது, நான்கு, இரண்டு நூல்கள் வந்தன. சொல்லின் இறுதியில் வரும் க், ச், த், ப் ஆகிய நான்கு ஒற்றுகளையும் பட்டியலில் ஏற்றும்போதும் தேடும்போதும் நீக்குவதே முதல் இரண்டையும் ஒன்றாக்கப் போதும். சேர்த்து எழுதிய மூன்றாவதற்கு ஒரு சொல்லகராதி வேண்டியிருக்கும். அது இந்த வெளியீட்டில் இயலாது என்றால் எனக்குப் புரிகிறது.

இப்படி ஒவ்வொரு திருத்தமாகச் செய்யும்போது, ஒன்று சரியாகி வேறொன்று கெடுவதை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் பொருத்தத்தை அளக்கும் சோதனை வேண்டும். பழைய தேடல் பதிவேட்டிலிருந்து ஐம்பது தேடல்களை எடுங்கள். அடிக்கடி வந்தவை மட்டும் போதாது. ஒரே முறை வந்தவையும், ஒன்றும் கிடைக்காமல் போனவையும் அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தேடலுக்கும் எந்த நூல்கள் முதல் பத்தில் இருக்க வேண்டும் என்பதை நிரலாளர்கள் முடிவு செய்யாமல், வாசகர்களுக்கு நாள்தோறும் நூல் எடுத்துக்கொடுக்கும் நூலகர்கள் இருவர் தனித்தனியே குறிக்கட்டும். இருவரும் வேறுபடும் இடங்களில் அவர்களே பேசி முடிவு செய்யட்டும். அதன்பின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முதல் பத்தில் எத்தனை சரியானவை என்று எண்ணலாம். சராசரியை மட்டும் பார்த்து நிறைவு அடைந்துவிடாதீர்கள் என்று குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். நாற்பது தேடல்கள் சற்றே மேம்பட்டு, இரண்டு தேடல்கள் முழுவதும் வெறுமையானாலும் சராசரி உயர்ந்தே காட்டும். எந்தத் தேடல் எத்தனை இடம் இறங்கியது என்ற தனிப்பட்டியலே உங்களுக்கு உண்மையைச் சொல்லும்.

வடிகட்டிகளில் கண்ட குறைகள் இரண்டே. ‘கோழி’ என்று தேடி மூன்றாம் பக்கத்தில் நின்றபடி ‘1990 முதல் 1999 வரை’ என்பதைத் தேர்ந்தால், நூல்கள் எட்டாகக் குறைகின்றன. ஆனால் தேடல் இன்னும் மூன்றாம் பக்கத்தையே கேட்பதால் வெறும் பக்கம் வருகிறது. எட்டு நூல்கள் இருக்க, ‘இல்லை’ என்ற அதே வாசகம். வடிகட்டி மாறும் போதெல்லாம் முதல் பக்கத்துக்குத் திரும்ப வேண்டும். மற்றொன்று, பதிப்பாண்டு குறிக்கப்படாத பழைய நூல்கள் எந்தப் பத்தாண்டிலும் சேராமல் மறைந்துவிடுகின்றன. ‘ஆண்டு தெரியாதவை’ என்று ஒரு பிரிவு வையுங்கள். எல்லாப் பிரிவுகளின் எண்ணிக்கையையும் கூட்டினால் மொத்தத்துக்குச் சமமாக வருகிறதா என்பதே அதற்கான சோதனை.

வரிசைப்படுத்தலில் உள்ள குறை கண்ணுக்கு எளிதில் படாதது. ‘புதியவை முதலில்’ என்று வரிசைப்படுத்தி, பக்கத்துக்கு இருபதாக நான்கு பக்கங்களில் வந்த அறுபத்து மூன்று பதிவுகளின் எண்களையும் எழுதிக்கொண்டேன். அவற்றில் மூன்று எண்கள் இருமுறை வந்திருந்தன. ஆகவே மூன்று நூல்கள் எந்தப் பக்கத்திலும் வரவே இல்லை. ஒரே ஆண்டில் வெளிவந்த நூல்களுக்குள் எது முன், எது பின் என்று நீங்கள் சொல்லாதபோது, தரவுத்தளம் ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும் அவற்றை வேறு வரிசையில் தரலாம். ஒரு நூல் முதல் பக்கத்தின் இறுதியிலும் இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்திலும் வருவதும், மற்றொன்று இரண்டுக்கும் இடையில் விழுந்துபோவதும் இதனால்தான். ஆண்டுக்குப் பின் பதிவெண்ணையும் சேர்த்தால் போதும்:

```sql
ORDER BY pub_year DESC, id
LIMIT 20 OFFSET 20
```

பதிவெண் இருமுறை வராதது என்பதால் வரிசை உறுதியாகிவிடும். எல்லாப் பக்கங்களையும் திரட்டி, தனித்த எண்கள் எத்தனை என்று எண்ணி, மொத்தத்தோடு ஒப்பிடும் சோதனையை இரவுதோறும் தானாக ஓட விடுங்கள். நூல்கள் புதிதாகச் சேர்க்கப்படாத நேரத்தில் ஓட்டினால்தான் முடிவு நம்பத்தக்கதாக இருக்கும்.

தலைப்பு வரிசைக்கு ‘வழி’, ‘வளம்’ என்ற இரண்டு சொற்களே போதுமான சோதனை. நம் அகரவரிசையில் ழகரத்துக்குப் பிறகே ளகரம். ஆகவே ‘வழி’ முன்னால் வர வேண்டும். யூனிகோடு எண் வரிசையில் ளகரம் முந்துவதால் உங்கள் பட்டியலில் ‘வளம்’ முன்னால் வருகிறது. போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துகிறீர்கள் என்றால் `COLLATE "ta-x-icu"` என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

இறுதியாக, வெறுமையாக வரும் அந்தப் பக்கத்தின் வாசகத்தை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நூல் அடுக்கில் இருக்கிறதா இல்லையா என்பது தேடலுக்குத் தெரியாது. எழுதிய சொல் பதிவுகளோடு பொருந்தவில்லை என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ‘கோழி வளர்ப்பு என்ற சொற்களுக்குப் பொருந்தும் பதிவு கிடைக்கவில்லை. வடிகட்டிகளை நீக்கியோ வேறு எழுத்தில் எழுதியோ பாருங்கள். முகப்பில் உள்ள நூலகரிடமும் கேட்கலாம்’ என்று அது சொல்லட்டும். நான் முயன்ற முப்பத்தோரு தேடல்களையும், ஒவ்வொன்றுக்கும் வந்த எண்ணிக்கையையும் தாளில் எழுதி நூலக முகப்பில் உங்கள் பெயருக்குக் கொடுத்திருக்கிறேன். அடுத்த முன்னோட்டம் வந்ததும் அதே முப்பத்தொன்றையும் மீண்டும் தேடிப் பார்த்து எழுதுகிறேன்.

இப்படிக்கு,
நூலக உறுப்பினன் ஒருவன்