இமையவர்க்கு அன்பனா, இமையவர்க் கன்பனா? பாடல் தாள் அச்சிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

திருப்பாதிரிப்புலியூரில் திருமுறை முற்றோதலுக்கும், கரையேறவிட்டகுப்பத்தில் அப்பர் விழாவுக்கும் பாடல் தாள் அச்சிட்டுக் கொடுக்கும் பெரியோர்களுக்கு,

வணக்கம்.

இந்தமுறை கொடுத்த தாளில் எழுத்து நன்றாகப் பெரிதாக இருக்கிறது. கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வருகிறவர்கள்கூடப் படிக்க முடிகிறது. ஆனால் சேர்ந்து பாட ஆரம்பித்தால், நம் ஊர்ப் பதிகத்தின் முதல் பாட்டிலேயே குரல்கள் இரண்டாகப் பிரிந்துவிடுகின்றன. பழைய புத்தகம் வைத்திருக்கும் பெரியவர்கள் ஒரு பக்கம், தாளைப் பார்த்துப் பாடும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். பிள்ளைகளுக்குப் பாடத் தெரியவில்லை என்று சிலர் முணுமுணுத்தார்கள். அது அநியாயம். தாளில் உள்ளதை உள்ளபடி பாடினார்கள், அவ்வளவுதான். கோளாறு அச்சில் இருக்கிறது.

பழைய புத்தகத்தில் பாட்டு இப்படி இருக்கும்:

ஈன்றா ளுமாயெனக் கெந்தையு மாயுடன் றோன்றினராய்
மூன்றா யுலகம் படைத்துகந் தான்மனத் துள்ளிருக்க
ஏன்றான் இமையவர்க் கன்பன் திருப்பா திரிப்புலியூர்த்
தோன்றாத் துணையா யிருந்தனன் தன்னடி யோங்களுக்கே.

உங்கள் தாளில் எல்லாச் சொல்லையும் பிரித்திருக்கிறீர்கள்:

ஈன்றாளும் ஆய் எனக்கு எந்தையும் ஆய் உடன் தோன்றினர் ஆய்
மூன்றாய் உலகம் படைத்து உகந்தான் மனத்துள் இருக்க
ஏன்றான் இமையவர்க்கு அன்பன் திருப்பாதிரிப்புலியூர்
தோன்றா துணையாய் இருந்தனன் தன் அடியோங்களுக்கே.

படித்துப் புரிந்துகொள்ள இது வசதிதான், அதை மறுக்கவில்லை. பாடுவதற்கு இது வேறு பாட்டு. ஏன் என்று சொல்கிறேன்.

இது கட்டளைக் கலித்துறை. இந்த யாப்பில் ஒவ்வோர் அடிக்கும் எழுத்துக் கணக்கு உண்டு. புள்ளி வைத்த மெய்யெழுத்துகளை விட்டுவிட்டு எண்ண வேண்டும். அடி நேரசையில் தொடங்கினால் 16, நிரையசையில் தொடங்கினால் 17. நம் பாட்டில் ஈன், மூன், ஏன், தோன் என்று நான்கு அடியும் நேரில் தொடங்குவதால் நான்கிலும் 16 வர வேண்டும். பழைய அச்சை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்: ஈ, றா, ளு, மா, யெ, ன, கெ, தை, யு, மா, யு, ட, றோ, றி, ன, ரா. சரியாகப் பதினாறு. இப்போது உங்கள் தாளை எண்ணுங்கள்: ஈ, றா, ளு, ஆ, எ, ன, கு, எ, தை, யு, ஆ, உ, ட, தோ, றி, ன, ஆ. பதினேழு.

கூடுதலாக வந்த எழுத்து எது? 'கு'. அது ஒன்றுதான். ளும் ஆய் என்பது ளுமாய் ஆனதிலோ, ஆய் உடன் என்பது ஆயுடன் ஆனதிலோ எண்ணிக்கை மாறவில்லை. அங்கே முன்சொல்லின் மெய், பின்சொல்லின் உயிரோடு சேர்ந்துகொள்கிறது. எழுத்தின் வடிவம் மாறுகிறது, பாடும் அசை அப்படியே இருக்கிறது. 'உடன் தோன்றினர்' என்பது 'உடன்றோன்றினர்' ஆவதும் அப்படித்தான். த் இருந்த இடத்தில் ற் வருகிறது, கணக்கில் ஒன்றும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 'எனக்கு எந்தை' மட்டும் வேறு சாதி. எனக்கு என்பதன் கடைசி உகரம் குற்றியலுகரம். பின்னால் உயிரெழுத்து வந்தால் அது நிற்காது. 'உயிர்வரின் உக்குறள் மெய்விட் டோடும்' என்று நன்னூல் சொல்வது இதைத்தான். உகரம் ஓடிவிட, தனியாக நின்ற க் மேல் எகரம் ஏறி 'எனக்கெந்தை' ஆகிறது. இரண்டு அசைகளாக இருந்தது ஒன்றாகிவிட்டது. பிரித்து அச்சிட்டால் ஓடிப்போன உகரத்தைப் பிடித்துக்கொண்டு வந்து உட்காரவைக்கிறோம்.

குழு பிரிகிற இடம் சரியாக இதுதான். 'எனக்' வரைக்கும் எல்லோரும் ஒன்றாக வருகிறார்கள். அப்புறம் பாதிப்பேர் 'கெந்தை' என்று போக, மீதிப்பேர் 'கு' என்று நின்று 'எந்தை' என்று எடுக்கிறார்கள். ஓர் அசை பின்னால் விழுந்தவர்கள் அடி முடிவதற்குள் எட்டிப்பிடிக்க 'தோன்றினராய்' என்பதை வேகமாக விழுங்குகிறார்கள். தாளம் போடாமல் பாடுகிறோமே, ஓர் அசை கூடினால் என்ன என்று கேட்கலாம். தனியாகப் பாடினால் ஒன்றும் இல்லைதான். நாற்பது பேர் சேர்ந்து பாடும்போது தாளம் இல்லாததால்தான் அசை முக்கியம், பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

இரண்டாம் அடியில் 'படைத்து உகந்தான்' என்று பிரித்ததில் அதே கதை. பழைய அச்சில் 'படைத்துகந்தான்'. ஓர் உகரம் போய் இன்னோர் உகரம் அதே இடத்தில் உட்கார்ந்ததால் பார்த்தால் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும், எண்ணினால் தெரியும்: சேர்ந்தால் 16, பிரிந்தால் 17. மூன்றாம் அடியில் 'இமையவர்க்கு அன்பன்'. அங்கும் ஒன்று கூடுகிறது.

நான்காம் அடியைப் பாருங்கள். 'துணையாய் இருந்தனன்', 'தன் அடியோங்களுக்கே' என்று இரண்டு இடத்தில் பிரித்திருக்கிறீர்கள், ஆனாலும் எண்ணினால் 16 தான் வருகிறது. அந்த அடிக்குள் உயிருக்கு முன்னால் குற்றியலுகரம் எங்குமே இல்லை. அதனால் எண்ணிக்கை குலையவில்லை, அந்த அடியில் குழுவும் பிரிவதில்லை. எந்த இடத்தைப் பிரிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று இந்த ஓர் அடியே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஆனால் அந்த அடியில் வேறொரு தப்பு இருக்கிறது, அதை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. 'தோன்றாத் துணை' என்பதில் நடுவில் உள்ள த் தாளில் காணவில்லை. தட்டச்சில் விட்டுப்போயிருக்கலாம், சந்தி எதற்கு என்று யாராவது எடுத்தும் இருக்கலாம். தோன்றாத என்பதன் கடைசி 'த' கெட்டு 'தோன்றா' என்று நிற்கிறது, அதன் பின் வல்லினம் மிக வேண்டும். அந்தப் பெயரோடுதானே நம் ஊர்ச் சுவாமி தோன்றாத்துணைநாதர் என்று இருக்கிறார், கோயில் பலகையைப் பார்த்தாலே போதும்.

பாட்டில் அந்த ஒற்றுக்கு இன்னும் வேலை உண்டு. 'றா' நெடில், பாடுகிறவர் அங்கே இழுத்து ஓர் அசைவு கொடுக்கத்தான் செய்வார். ன், ம், ல் போன்ற எழுத்துகளில் குரலை நிறுத்தி வைக்கலாம். க், த், ப் போன்ற வல்லின ஒற்றில் நிறுத்த முடியாது. குரலைச் சட்டென்று அடைத்துத் திறக்க வேண்டும், அந்த அடைப்புதான் ஒற்று. இழுத்துக்கொண்டே வந்தால் அதைத் தின்றுவிடுவது எளிது. தின்றுவிட்டால் கேட்பவர் காதில் 'தோன்றாது' என்று விழுந்து, 'ணையாய்' அநாதையாகத் தொங்கும். தாளிலும் ஒற்று இல்லை என்றால் பாடுகிறவரைத் திருத்த யாராலும் முடியாது.

எல்லா ஒற்றையும் எப்போதும் உச்சரித்தே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நமச்சிவாயப் பதிகத்தின் முதல் பாட்டில் இரண்டாம் அடி 'பொருந்தக் கைதொழக்' என்று முடிந்து அடுத்த அடி 'கற்றுணை' என்று தொடங்குகிறது. அந்த இடத்தில் எல்லோரும் மூச்சு வாங்குகிறார்கள், 'கைதொழ' என்றுதான் கேட்கிறது, க் விழுந்துவிடுகிறது. அது தப்பில்லை. சந்தி என்பது இரண்டு சொல் இடைவெளி இல்லாமல் ஒட்டும்போது பிறப்பது. நடுவில் மூச்சு விழுந்தால் அதற்கு இடமில்லை. அச்சில் க் இருக்கட்டும், பாட்டில் போகட்டும். ஆனால் 'தோன்றாத் துணை' நடுவில் யாரும் மூச்சு வாங்கக்கூடாது.

அதே பாட்டில் நீங்கள் செய்த இன்னொரு பிரிப்பும் மனதை உறுத்துகிறது. சொல் துணை, பொன் துணை, கல் துணை, நல் துணை என்று போட்டிருக்கிறீர்கள். இங்கே எழுத்து எண்ணிப் பயனில்லை, இது கட்டளைக் கலித்துறை அல்ல. முதல் அடியில் 11, இரண்டாம் அடியில் 13 என்று எண்ணிக்கை மாறித்தான் வரும். இங்கே போவது எதுகை. சொற்றுணை, பொற்றுணை, கற்றுணை, நற்றுணை: நான்கு அடியின் தொடக்கத்திலும் 'ற்று' என்ற ஒரே ஒலி விழுகிறது. அந்த ற் மூன்று இடத்தில் லகரத்திலிருந்து வந்தது, ஓரிடத்தில் னகரத்திலிருந்து வந்தது. பிரித்தால் மூன்று 'ல்', ஒரு 'ன்'. கல்லைக் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பரைக் கரைசேர்த்த பாட்டு என்று நம் ஊரில் சொல்கிற பாட்டு, அதன் எதுகையைப் பிரித்துப்போட்டு அச்சிட நமக்கு என்ன அவசரம்?

பழைய அச்சே போதும் என்று சொல்கிறேனா என்றால், அதுவும் இல்லை. அது சீர் பார்த்துப் பிரித்த அச்சு, சொல் பார்த்துப் பிரித்தது அல்ல. 'திருப்பா திரிப்புலியூர்' என்று நம் ஊர்ப் பெயரையே இரண்டாக வெட்டியிருக்கும். யாப்பு தெரிந்தவருக்கு அது உதவி, மற்றவர் அந்த இடைவெளியில் மூச்சு வாங்கிவிடுகிறார். திரிப்புலியூர் என்று எந்தப் புலி திரிகிறதோ! 'இமையவர்க்' என்று நிறுத்தி, 'கன்பன்' என்று புதிதாக ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவதும் இப்படித்தான்.

அதனால் பாடும் தாளுக்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வேண்டும். மெய்யும் உயிரும் சேர்ந்த இடங்களைச் சொல்சொல்லாகத் தாராளமாகப் பிரியுங்கள். உகரம் கெட்ட இடத்தைச் சேர்த்தே விடுங்கள். அடியின் முதல் சீரில் எதுகை இருந்தால் அதைத் தொடாதீர்கள். வலி மிகும் ஒற்றை விடாதீர்கள். அப்படிச் செய்தால் நம் பாட்டு இப்படி வரும்:

ஈன்றாளுமாய் எனக்கெந்தையுமாய் உடன்தோன்றினராய்
மூன்றாய் உலகம் படைத்துகந்தான் மனத்துள் இருக்க
ஏன்றான் இமையவர்க்கன்பன் திருப்பாதிரிப்புலியூர்த்
தோன்றாத் துணையாய் இருந்தனன் தன் அடியோங்களுக்கே.

எண்ணிப் பாருங்கள், நான்கு அடியும் 16. 'உடன்றோன்றினராய்' என்பதை மட்டும் 'உடன்தோன்றினராய்' என்று விட்டிருக்கிறேன். இலக்கணப்படி றகரம்தான் சரி, ஆனால் இன்றைக்குப் பிள்ளைகள் அதை 'உடன்று' என்று பிரித்துத் தடுமாறுகிறார்கள். எண்ணிக்கையும் கெடாது, எதுகையும் அங்கே இல்லை. பெரியவர்கள் கோபித்துக்கொண்டால் றகரமே போடுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். பொருள் தெரிய வேண்டுமே என்றால், முழுவதும் பிரித்த வடிவத்தைத் தாளின் பின்பக்கம் சின்ன எழுத்தில் போடலாம். முன்பக்கம் பாடுவதற்கு.

அடுத்த தாள் அச்சுக்குப் போகும் முன் ஒரு படியை எனக்குக் கொடுங்கள். உகரம் கெட்ட இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு மறுநாள் மாலைப் பூசைக்குள் திருப்பித் தந்துவிடுகிறேன்.

அன்புடன்,
முற்றோதலில் தூணோரமாக உட்காரும் ஒருவன்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.