ஈரமுடியில் ஸ்ட்ரெய்ட்டனர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அழகுக் குறிப்புகள் பகுதியில், காலையில் நேரமில்லாத பெண்கள் தலைக்குக் குளித்த கையோடு, முடி அரை ஈரமாக இருக்கும்போதே ஸ்ட்ரெய்ட்டனரைப் போட்டுவிட்டால் முடி சீக்கிரம் படியும் என்று எழுதப்பட்டிருந்தது. அழகு நிலையம் நடத்திக்கொண்டு, அந்தத் தொழிலைக் கற்றும் கொடுப்பவள் என்ற முறையில் இதை மறுத்து எழுதுகிறேன்.

சீக்கிரம் படியும் என்பது உண்மைதான். முடியின் அன்றாட வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் நீர் பட்டால் நெகிழ்ந்து, காயும்போது மறுபடியும் இறுகுகின்றன. ஆனால் நனைந்த முடி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரை உள்ளே வாங்கி வைத்திருக்கிறது. அதை 180, 200 டிகிரி சூட்டில் இருக்கும் இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால், அந்த நீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் முடித்தண்டுக்குள்ளேயே விரிந்து குமிழ்களை உண்டாக்கிவிடும். தோல் மருத்துவர்கள் இதைக் குமிழ் முடி என்கிறார்கள். முடி சுருட்டும் கருவியை 125 டிகிரியில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தாலே இது நேரக்கூடும் என்று 1994இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நன்றாகக் காய்ந்த முடியின் கெரட்டின் புரதம் 230 டிகிரிக்கு அருகில்தான் அடியோடு உருக்குலைகிறது. ஈர முடியிலோ 150 டிகிரி அளவிலேயே அது நடந்துவிடுகிறது. தகடு பட்டவுடன் 'சொய்' என்று ஒரு சத்தம் கேட்டால் உள்ளே நீர் கொதிக்கிறது என்று பொருள். அதைக் கேட்டதும் கருவியை எடுத்துவிட வேண்டும்.

என்னிடம் வந்த வங்கி ஊழியர் ஒருவர், முன்நெற்றிப் பக்க முடி வளரவே மாட்டேன் என்கிறது, கொட்டுகிறது என்று சொல்லி, சத்து மாத்திரையும் தைலமும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். அவர் சீப்பில் சிக்கிய முடிகளை வெள்ளைத் தாளில் பரப்பிப் பார்த்தோம். வேரோடு உதிரும் முடியின் ஒரு நுனியில் சிறிய வெண்ணிற உருண்டை போல வேர்ப்பகுதி இருக்கும். அவருடைய முடிகளில் பெரும்பாலானவற்றில் அது இல்லை. எல்லாம் மூன்று விரல் நீளத்துக்கு ஒடிந்த துண்டுகள். முடி வளராமல் இல்லை, வளர்ந்த இடத்தில் ஒடிந்துகொண்டிருந்தது. தினமும் குளித்ததும் 210 டிகிரியில் முன்முடியை மட்டும் மூன்று நான்கு தடவை இழுத்து நேராக்கியிருக்கிறார். கண்ணாடியில் முதலில் தெரிவது அதுதானே! ஒடிந்ததை ஒட்டவைக்க எந்த மருந்தும் கிடையாது, ஏனெனில் தலைக்கு வெளியே தெரியும் முடிக்கு உயிர் இல்லை. மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வீதம் புதுமுடி வளர்ந்து வரும்வரை பொறுத்திருப்பது ஒன்றே வழி என்று அவரிடம் சொன்னேன்.

அவருக்குச் சொன்ன முறையையே மற்றவர்களுக்கும் சொல்கிறேன். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, முக்கால்வாசி ஈரம் தானாகவே காய விட வேண்டும். மீதியை ஹேர் டிரையர் எனும் உலர்த்தியால், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே காயவைக்கலாம். உலர்த்தி என்றாலே கெடுதல் என்ற பயம் தேவையில்லை. 2011இல் கொரிய ஆய்வாளர்கள் பதினைந்து சென்டிமீட்டர் தூரத்தில் அசைத்தபடி உலர்த்திய முடியையும் தானாகக் காயவிட்ட முடியையும் ஒப்பிட்டார்கள். உலர்த்தியால் முடியின் மேற்பரப்பு கூடுதலாகப் பாதிக்கப்பட்டது. ஆனால் நெடுநேரம் ஈரமாகவே இருந்த முடியில்தான் செல்களை ஒட்டவைக்கும் உட்படலம் கெட்டிருந்தது. ஐந்து சென்டிமீட்டர் அளவுக்குக் கிட்டத்தில் பிடித்தபோது காற்றின் சூடு 95 டிகிரியை எட்டியது. கெடுதல் அங்கேதான்.

அடிவரை காய்ந்தபின் ஸ்ட்ரெய்ட்டனரை எடுக்கலாம். மெல்லிய முடிக்கு 150 டிகிரி போதும். அடர்த்தியான முடியானாலும் 180ஐத் தாண்ட வேண்டாம். ஒரு கற்றையை ஒரே தடவை, நிற்காமல் இழுக்க வேண்டும். படியவில்லை என்று திரும்பத் திரும்ப இழுப்பதைவிட, கற்றையைச் சிறிதாக்கிக்கொள்வது மேல். எண் காட்டாமல் விளக்கு மட்டும் எரியும் மலிவுக் கருவிகளில் சூட்டை அறிய வழியில்லை என்பதால் அவற்றை நான் வாங்கச் சொல்வதில்லை. சூட்டுக் காப்புத் திரவம் ஓரளவு உதவும். ஆனால் அதையும் தெளித்த ஈரத்தோடு இழுத்துவிடக் கூடாது. தேங்காய் எண்ணெயைக் குளிப்பதற்கு முன் தடவுவது நல்லது, தகடு படும் முன் தடவுவது நல்லதல்ல. இத்தனையும் செய்தாலும் தினசரிப் பழக்கத்தை ஒன்றுவிட்டு ஒரு நாளாகவாவது குறைக்க வேண்டும்.

அந்தக் குறிப்பைப் பார்த்து ஈரத்தலையோடு கருவியை எடுக்கும் வாசகியர் இருப்பார்கள் என்பதால், அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அழகுக்கலைப் பயிற்றுநர் ஒருவர்,
மதுரை.